நிறுவனரின் ஒப்படைப்பு உரை: வாக்குறுதியை அடுத்த தலைமுறையிடம் கொடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு நிறுவனத்தைத் தொடங்கி வளர்த்தவர் ஓய்வுபெறும் நாளில் பேசப்போகும் உரையைத் தயாரிப்பவர்களுக்கான வழிகாட்டி இது. நிறுவனரே எழுதினாலும், அவருக்காக மகனோ மகளோ செயலாளரோ எழுதினாலும் படிகள் ஒன்றுதான்.

இந்த உரைக்கு ஒரே வேலைதான். பிராண்டின் வாக்குறுதி இத்தனை வருடமும் நிறுவனரின் தலைக்குள் இருந்திருக்கும். சந்தேகம் வந்தால் எல்லோரும் அவரைத்தான் கேட்டிருப்பார்கள். இனி அவர் இருக்க மாட்டார். அவரைக் கேட்காமலேயே மற்றவர்கள் சரியாக முடிவெடுக்கும் அளவுக்கு அந்த வாக்குறுதியைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நன்றி, நினைவுகள், வாழ்த்து எல்லாம் அதற்குப் பிறகுதான்.

புதிதாக இதைச் செய்பவர்கள் முதல் நாளே காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். இங்கே எழுதுவது ஆறாவது படியில்தான் வருகிறது. முதல் ஐந்து படிகளுக்கு ஐந்து, ஆறு வாரமாவது வேண்டும்.

விளக்கத்துக்காக ஒரே உதாரணத்தைக் கடைசிவரை கொண்டுபோகிறேன். தண்ணீர் பம்பு தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனம். நிறுவனர் ஓய்வு பெறுகிறார், மகள் பொறுப்பேற்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

## 1. மேடை ஏறும் முன் முடிய வேண்டிய காரியங்கள்

உரையைக் கேட்கும் ஊழியர் மனத்தில் முதலில் ஓடுவது, "நாளையிலிருந்து யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்?" என்ற கேள்விதான். இதற்குப் பதில் தெரியும்வரை விழுமியம் பற்றி நீங்கள் பேசுவது எதுவும் காதில் ஏறாது. ஆகவே பதவி, கையெழுத்து அதிகாரம், பங்குரிமை ஆகிய மூன்றும் உரைக்கு முன்பே தீர்ந்திருக்க வேண்டும்.

நிறுவனருக்கு இனி என்ன வேலை என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். முழுதாக விலகுகிறாரா, இயக்குநர் குழுவில் தொடர்கிறாரா, அலுவலகத்தில் அவருக்கு அறை உண்டா என்பதெல்லாம் சின்ன விஷயங்களாகத் தெரியும். ஆனால் இவற்றைத் தெளிவாக்காமல் விட்டால், "பெயருக்குத்தான் போகிறார்" என்று அன்று மாலையே பேச்சு கிளம்பிவிடும்.

2011 ஆகஸ்ட்டில் ஆப்பிள் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி பதவியிலிருந்து விலகியபோது ஸ்டீவ் ஜாப்ஸ் எழுதிய கடிதம் மிகச் சிறியது. விலகுகிறேன், இயக்குநர் குழுத் தலைவராக இருக்க விரும்புகிறேன், டிம் குக்கை நியமிக்கப் பரிந்துரைக்கிறேன் என்ற மூன்றும் அதில் ஐயத்துக்கு இடமில்லாமல் இருந்தன. உரையின் தொடக்கத்துக்கு இந்த அளவு தெளிவு தேவை.

செய்தியை யாருக்கு முன்கூட்டிச் சொல்வது என்பதிலும் வரிசை உண்டு. பொறுப்பை எதிர்பார்த்து அது கிடைக்காமல் போனவர் ஒருவர் இருந்தால், அவரிடம் நிறுவனர் நேரில் பேசிவிட வேண்டும். கூட்டத்தில் உட்கார்ந்து முதல்முறை கேட்டால் அவர் முகமே மற்றவர்களுக்கு வேறொரு உரையாகிவிடும். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்தால் முறைப்படியான அறிவிப்பு எப்போது வர வேண்டும் என்பதைச் சட்ட ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

## 2. உண்மையான வாக்குறுதியைத் தோண்டி எடுப்பது

இதுதான் மொத்த வேலையில் கடினமான படி. பாதி நேரத்தை இதற்கே ஒதுக்கலாம்.

"உங்கள் நிறுவனத்தின் விழுமியங்கள் என்ன?" என்று நிறுவனரிடம் நேரடியாகக் கேட்காதீர்கள். கேட்டால் "தரம், நேர்மை, வாடிக்கையாளரே எல்லாம்" என்றுதான் வரும். பொய் சொல்கிறார் என்பதல்ல. இந்தச் சொற்களை எந்த நிறுவனத்தின் மீதும் ஒட்டலாம். நாளை ஒரு புகார் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை இவை யாருக்கும் சொல்லாது.

அதற்குப் பதிலாக, "நஷ்டம் வரும் என்று தெரிந்தும் எடுத்த முடிவுகளைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். லாபமும் விழுமியமும் ஒரே திசையில் போகும்போது எது முடிவெடுத்தது என்று தெரியாது. இரண்டும் பிரியும் இடத்தில்தான் தெரியும்.

இதே கேள்வியை வேறு மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒருவர் புகார்களை எதிர்கொள்ளும் சேவைப் பிரிவு ஊழியர். இன்னொருவர் கணக்காளர், எந்தச் செலவு வழக்கத்துக்கு மாறாக இருந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். மூன்றாமவர் நிறுவனரோடு மோதிய அனுபவமுள்ள பழைய ஊழியர். நிறுவனர் எதில் விட்டுக்கொடுக்க மறுத்தார் என்பதை மோதியவர் மறக்க மாட்டார்.

நான்கு பேரும் சொல்வதில் திரும்பத் திரும்ப வரும் விஷயத்தைத் தேடுங்கள். பம்பு நிறுவனத்தில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நிறுவனர் "தரம்" என்று தொடங்கினார். சேவைப் பிரிவு ஊழியர், 17 வருடப் பழைய பம்பு ஒன்றுக்கு, தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லர் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பவில்லை என்று சொன்னார். ஒரே ஒரு இம்பெல்லருக்காக வார்ப்புக் கூடத்தில் தனியாக வார்த்துக் கொடுத்தார்களாம். கணக்காளர், தயாரிப்பை நிறுத்திவிட்ட மாடல்களின் பாகங்களை வார்க்க அச்சாக உதவும் பேட்டர்ன்களை வைக்க ஒரு கிடங்குக்கு மாதாமாதம் வாடகை போவதைச் சொன்னார். "அந்தப் பேட்டர்ன்களை எடைக்குப் போட்டுவிடலாம்" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பழைய மேலாளர் சொன்னார்.

மூன்று பேரும் ஒரே இடத்தைத்தான் காட்டுகிறார்கள். இந்தப் பிராண்டின் வாக்குறுதி பொதுவான "தரம்" இல்லை. "எங்களிடம் வாங்கிய பம்பை உதிரி பாகம் கிடைக்கவில்லை என்ற காரணத்துக்காக நீங்கள் தூக்கிப் போட வேண்டியதில்லை" என்பதுதான். நிறுவனரே இதை இப்படி வார்த்தைகளில் சொன்னதில்லை. கேட்டதும் "ஆமாம், அதேதான்" என்பார். அந்த "அதேதான்" வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

நிறுவனர் சொல்லும் கதையும் மற்ற மூவர் சொல்வதும் பொருந்தாமலும் போகலாம். நிறுவனர் "சொன்ன தேதியில் அனுப்பிவிடுவோம்" என்று பெருமைப்படுவார். சேவைப் பிரிவோ தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்பதே வேலை என்று சொல்லும். அப்படியானால் அது உரையில் வரக்கூடாது. கூட்டத்தில் இருப்பவர்களுக்கு உண்மை தெரியும். ஒரு வரி பொய்யாகத் தெரிந்தால் மீதி வரிகளையும் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

## 3. வாக்குறுதிக்கு எல்லை போடுவது

எல்லை சொல்லாத வாக்குறுதியை யாராலும் காப்பாற்ற முடியாது. நிறுவனர் இருந்தவரை எல்லை தேவைப்படவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் அவரே முடிவு செய்தார். இனி முடிவு செய்யப்போவது சேவைப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் ஒருவர்.

மூன்று விஷயங்களை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எதற்குப் பொருந்தும்? எவ்வளவு காலத்துக்கு? முடியாமல் போனால் என்ன செய்வோம்? மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். வாக்குறுதி உடையும் நாள் ஒன்று வரும். அன்று செய்ய வேண்டியது தெரிந்திருந்தால் ஊழியர் சமாளிக்கத் தேவையில்லை, நேராகச் சொல்லிவிடலாம்.

பம்பு நிறுவனத்தில் கணக்காளரும் உற்பத்தி மேலாளரும் உட்கார்ந்து, விற்ற நாளிலிருந்து 20 வருடம் என்று முடிவு செய்கிறார்கள். அதைத் தாண்டிய பம்புக்குப் பேட்டர்ன் இருந்தால் செய்து தருவோம், இல்லாவிட்டால் முடியாது என்று நேராகச் சொல்வோம். "என்றென்றும்" என்று சொல்லத்தான் நிறுவனருக்கு ஆசை. 20 என்ற எண் அவருக்குச் சின்னதாகப் படும். ஆனால் "என்றென்றும்" என்று சொல்லிவிட்டு மூன்றாவது வருடமே சத்தமில்லாமல் கைவிடுவதைவிட, 20 என்று சொல்லி 20 வருடமும் காப்பாற்றுவதுதான் அந்தப் பெயருக்கு நல்லது.

இந்தக் கட்டத்தில் வாசகத்தைச் சட்ட ஆலோசகர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். உரை வெளியாட்கள் முன்னிலையில் நடந்தாலோ பதிவாகி வெளியானாலோ, அதில் சொன்னதை நிறுவனம் கொடுத்த உத்தரவாதம் என்று வாடிக்கையாளர் எடுத்துக்கொள்ளலாம். பல நாடுகளின் சட்டமும் அதை அப்படிப் பார்க்க இடம் தருகிறது. ஆனால் அவர் திருத்தித் தரும் வாசகத்தை அப்படியே மேடையில் படித்துவிடாதீர்கள். அவர் சொல்லும் எல்லையை எடுத்துக்கொண்டு, நிறுவனர் பேசும் மொழியில் சொல்லுங்கள்.

## 4. விழுமியங்களை வரிசைப்படுத்துவது

விழுமியங்களைப் பட்டியலாகக் கொடுத்தால் போதாது. இரண்டு விழுமியங்கள் மோதும்போது எது முன்னே நிற்கும் என்று சொல்ல வேண்டும். பொறுப்பேற்பவர் திணறப்போவது அந்த இடத்தில்தான்.

இதற்கு நல்ல முன்மாதிரி ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்துக்காக ராபர்ட் வுட் ஜான்சன் 1943-ல் எழுதிய ஒரு பக்கக் கொள்கை அறிக்கை. அதில் நிறுவனத்தின் பொறுப்புகள் வரிசையாக இருக்கின்றன. முதலில் பொருளைப் பயன்படுத்துபவர்கள், பிறகு ஊழியர்கள், பிறகு சமூகம், கடைசியில் பங்குதாரர்கள். 1982-ல் அமெரிக்காவில் இந்த நிறுவனத்தின் டைலினால் என்ற வலி நிவாரணி கேப்ஸ்யூல்களில் யாரோ விஷம் கலந்து பலர் இறந்தபோது, நிறுவனம் நாடு முழுவதும் கடைகளிலிருந்து சுமார் 3 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. எழுதியவர் அப்போது உயிரோடு இல்லை. அந்த முடிவுக்கு வழிகாட்டியதாக அன்றைய நிர்வாகம் சொன்னது இந்த அறிக்கையைத்தான்.

அதற்குப் பிந்தைய காலங்களில் அதே நிறுவனம் வேறு பொருள்களுக்காக வழக்குகளில் சிக்கியதும் உண்மை. எழுதி வைப்பது மட்டும் எவரையும் காப்பாற்றிவிடாது. ஆனால் வரிசை இருந்தால், எங்கே மீறினோம் என்பதாவது தெரியும்.

பம்பு நிறுவனத்தில் மோதக்கூடிய இரண்டைப் பாருங்கள். ஒன்று, ஒப்புக்கொண்ட தேதியில் அனுப்புவது. இன்னொன்று, ஒவ்வொரு பம்பையும் சோதனை மேடையில் ஓட்டிப் பார்த்த பிறகே அனுப்புவது. தேதி நெருங்கி, சோதனை பாக்கி இருந்தால்? "தேதி தள்ளிப்போகும். வாடிக்கையாளரை நாமே முன்கூட்டி அழைத்துச் சொல்வோம். ஓட்டிப் பார்க்காத பம்பு வாசலைத் தாண்டாது" என்று நிறுவனர் சொன்னால், அந்த ஒரு வரியே உரைக்குப் போதும். இரண்டு அல்லது மூன்று மோதல்களுக்கு மேல் எடுக்க வேண்டாம். அதற்கு மேல் போனால் கேட்பவர் எதையும் நினைவில் வைக்க மாட்டார்.

## 5. பொறுப்பேற்பவரிடம் முன்பே காட்டுவது

வாக்குறுதியைச் சுமக்கப்போகிறவர் அதை மேடையில் முதல்முறை கேட்கக்கூடாது. எல்லோர் முன்னாலும் அவரால் மறுக்க முடியாது. தலையாட்டிவிட்டு, பிறகு மெல்லக் கைவிட வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளுவீர்கள். உரைக்கு மூன்று வாரம் முன்பாவது, வாக்குறுதி வாசகத்தை மட்டும் அவரிடம் கொடுங்கள். முழு உரை தேவையில்லை.

கொடுக்கும்போது, எந்த வரியை உன்னால் காப்பாற்ற முடியாது என்று நிறுவனரே கேட்க வேண்டும். பம்பு நிறுவனத்தில் தந்தைக்கும் மகளுக்கும் இப்படி ஒரு பேச்சு நடக்கும்.

"அப்பா, இம்பெல்லர், ஷாஃப்ட், கேசிங் எல்லாம் சரி. நாமே செய்கிறோம். ஆனால் புது மாடலில் கன்ட்ரோல் போர்டு இருக்கிறதே? அதில் உள்ள சிப்பை வெளியே வாங்குகிறோம். அவர்கள் நிறுத்திவிட்டால் 20 வருடம் எப்படித் தருவேன்?"

"அப்போ அந்த மாடலை விட்டுவிடலாமா?"

"வேண்டாம். போர்டு கிடைக்காவிட்டால் அதற்குப் பொருந்தும் புது போர்டை அடக்க விலைக்குத் தருவோம். பம்பை மாற்றச் சொல்ல மாட்டோம். இப்படிச் சொன்னால் என்னால் காப்பாற்ற முடியும்."

வாக்குறுதியின் உயிர் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். பழைய வாசகம் இரும்பு பம்புகளுக்காகப் பிறந்தது. இப்போதைய பொருளுக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதை மகள் கண்டுபிடித்துவிட்டார். உரையில் இந்தப் பகுதியை மகள் சேர்த்தது என்று நிறுவனரே சொல்ல வேண்டும். அப்போது ஊழியர்கள் அவரை வெறும் வாரிசாகப் பார்க்க மாட்டார்கள். வாக்குறுதியை எழுதியவர்களில் ஒருவராகப் பார்ப்பார்கள்.

இதே சந்திப்பில் இன்னொன்றையும் பேசி முடியுங்கள்: எதையெல்லாம் மாற்றிக்கொள்ளலாம்? லோகோ, விற்பனை முறை, மாடல்கள், ஏன் தொழிற்சாலை இருக்கும் இடம்கூட. இதை வாய்விட்டுச் சொல்லாவிட்டால் நிறுவனர் செய்த எல்லாமே புனிதமாகிவிடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் "ஐயா இருந்திருந்தால் ஒப்புக்கொள்வாரா?" என்ற எதிர்ப்பு வரும். "நான் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்காதே, சரியானதைச் செய்" என்று ஜாப்ஸ் தன்னிடம் சொன்னதாக டிம் குக் பலமுறை பொதுவில் சொல்லியிருக்கிறார். அந்த விடுதலையைத் தனியறையில் கொடுத்தால் பாதிப் பலன்தான். ஊழியர்கள் காதுபடக் கொடுக்க வேண்டும்.

## 6. எழுதுவது: வரிசையும் நீளமும்

இப்போதுதான் பேனாவை எடுக்கிறோம். பத்து முதல் பன்னிரண்டு நிமிடம் போதும். நிறுவனர் இயல்பாகப் பேசும் வேகத்தில் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கடிகாரத்தில் பாருங்கள். எத்தனை பக்கம் எழுதலாம் என்று தெரிந்துவிடும். மேடையில் நிறுத்தங்களும் கைத்தட்டலும் சேரும் என்பதால் அதிலும் கொஞ்சம் குறைத்தே எழுதுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் செய்தி: விலகுகிறேன், பொறுப்பேற்பவர் இவர். அப்புறம் ஒரே ஒரு சம்பவம், நஷ்டம் தெரிந்தும் எடுத்த முடிவு. அந்தச் சம்பவத்திலிருந்து வாக்குறுதி. உடனே அதன் எல்லையும் விலையும். அடுத்து, மோதினால் எது முன்னே என்பது. பிறகு மாற்ற அனுமதி. பிறகு நன்றி. கடைசியில், நாளை முதல் நான் எங்கே இருப்பேன் என்பது.

சம்பவம் வாக்குறுதிக்கு முன்னால் வருவதற்குக் காரணம் உண்டு. வாக்குறுதியை முதலில் சொன்னால் அது வெறும் வாசகமாகக் காதில் விழும். 17 வருடப் பம்பின் கதையைக் கேட்டவருக்கோ, வாக்குறுதி வரும்போது அதன் அர்த்தம் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

நன்றியைத் தொடக்கத்தில் வைக்காதீர்கள். எல்லோரும் விழிப்போடு கேட்கும் முதல் மூன்று நிமிடத்தைப் பெயர்ப் பட்டியல் விழுங்கிவிடும். பெயர் விடுபட்டவர் மீதி உரை முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பார். தனிப்பட்ட நன்றிகளைக் கடிதமாகவோ நேரிலோ முன்பே சொல்லிவிட்டு, மேடையில் பிரிவுகளை மட்டும் சொல்வது நல்லது.

விலையைச் சொல்ல நிறுவனர்கள் தயங்குவார்கள். ஆனால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த வாக்குறுதிக்காக நாம் எவ்வளவு இழக்கிறோம் என்பது வெளியே தெரியாவிட்டால், செலவைக் குறைக்க வரும் அடுத்த மேலாளர் முதலில் கை வைப்பது அந்தக் கிடங்கு வாடகையில்தான். அது வீண் செலவு இல்லை, வாக்குறுதியின் விலை என்று எல்லோர் முன்னாலும் நிறுவனரே பெயர் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

பம்பு நிறுவன உரையின் முக்கியப் பகுதி இப்படி வரலாம்:

> "இன்றோடு நான் நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். நாளை காலை முதல் எல்லா முடிவும் என் மகளுடையது. நான் ஆலோசகரும் இல்லை, மேற்பார்வையாளரும் இல்லை.
>
> 17 வருடத்துக்கு முன் நம்மிடம் பம்பு வாங்கிய ஒருவர், தேய்ந்துபோன இம்பெல்லரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நம் சேவைப் பிரிவுக்கு வந்தார். அந்த மாடலை நாம் நிறுத்தி எத்தனையோ வருடமாகிவிட்டது. ஒன்றே ஒன்றை வார்க்க, பேட்டர்னைத் தேடி எடுத்தோம். அந்த வேலையில் நமக்கு நஷ்டம்தான். அதை நஷ்டம் என்று தெரிந்தேதான் செய்தோம்.
>
> நாம் தந்திருக்கும் வாக்கு இதுதான். நம்மிடம் வாங்கிய பம்பை, உதிரி பாகம் இல்லை என்பதற்காக யாரும் தூக்கிப் போட வேண்டியதில்லை. விற்ற நாளிலிருந்து 20 வருடம் வரை இது நம் கடமை. கன்ட்ரோல் போர்டு கிடைக்காமல் போனால், பொருந்துகிற புது போர்டை அடக்க விலைக்குத் தருவோம். இந்தப் பகுதியைச் சேர்த்தவர் என் மகள். நான் யோசிக்காத இடத்தை அவர் யோசித்தார்.
>
> பேட்டர்ன் கிடங்குக்கு மாதா மாதம் வாடகை கட்டுகிறோம். கணக்கில் அது செலவாகத்தான் தெரியும். தயவுசெய்து அதைச் செலவுப் பட்டியலில் வைத்துப் பார்க்காதீர்கள். நம் பெயருக்கு நாம் கட்டும் வாடகை அது.
>
> தேதியும் சோதனையும் மோதினால் தேதி தள்ளிப்போகட்டும். வாடிக்கையாளரை நாமே முதலில் அழைத்துச் சொல்வோம். ஓட்டிப் பார்க்காத பம்பு நம் வாசலைத் தாண்டக்கூடாது.
>
> இவை இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றலாம். பெயர்ப்பலகையை மாற்றுங்கள், விற்கும் முறையை மாற்றுங்கள். நான் ஆசையாகத் தொடங்கிய மாடல்களை நிறுத்துங்கள். அதைச் செய்யும்போது யாராவது என் பெயரைச் சொல்லித் தடுத்தால், இன்று நான் சொன்னதை அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள்."

மகளை இங்கே "அவர்" என்று சொல்வதைப் பாருங்கள். வீட்டில் எப்படி அழைத்தாலும், ஊழியர்கள் முன்னிலையில் பொறுப்பேற்பவரை மரியாதைப் பன்மையில்தான் குறிப்பிட வேண்டும். மேடையில் நிறுவனர் எப்படி அழைக்கிறாரோ, அப்படித்தான் மறுநாள் பழைய ஊழியர்களும் அவரிடம் பேசத் தொடங்குவார்கள்.

## 7. எழுதியதைச் சோதிப்பது

முதல் சோதனை: வேறொரு நிறுவனத்தின் பெயரைப் போட்டுப் படித்துப் பாருங்கள். அப்போதும் பொருந்துகிற வரிகளை அடித்துவிடுங்கள். "நாம் ஒரு குடும்பம்", "தரத்தில் சமரசம் கிடையாது" போன்றவை இங்கேயே விழுந்துவிடும்.

இரண்டாவது சோதனைதான் முக்கியம். வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒருவரிடம் வாக்குறுதிப் பகுதியைப் படிக்கக் கொடுத்து, ஒரு சூழ்நிலையைச் சொல்லி முடிவு கேளுங்கள். "12 வருடப் பழைய பம்பு, சீல் கிழிந்திருக்கிறது, கையிருப்பு இல்லை. என்ன சொல்வீர்கள்?" அவர் யாரையும் கேட்காமல் சரியாகச் சொன்னால் வாசகம் வேலை செய்கிறது. "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்றால் இன்னும் தெளிவாக எழுத வேண்டும். இங்கே தோற்கும் வாசகத்தை மேடையில் எவ்வளவு உருக்கமாகச் சொன்னாலும் பயனில்லை.

## 8. ஒத்திகை

நிறுவனர் சத்தமாக, நின்றபடி, இரண்டு மூன்று முறையாவது படிக்க வேண்டும். மனத்துக்குள் படித்தால் குரல் எங்கே உடையும் என்று தெரியாது. பெரும்பாலும் பழைய கூட்டாளியையோ வாழ்க்கைத் துணையையோ குறிப்பிடும் இடத்தில்தான் உடையும். உடைவதில் தவறில்லை. ஆனால் வாக்குறுதி வரிகளுக்கு முன்னால் உடைந்தால், அந்த வரிகள் தெளிவாகக் கேட்காமல் போய்விடும். அப்படிப்பட்ட நினைவுகளை நன்றிப் பகுதிக்குத் தள்ளிவிடுங்கள்.

கதையை மனப்பாடமாகச் சொல்லலாம். வாக்குறுதி, எல்லை, மோதல் வரிகளை மட்டும் காகிதத்தைப் பார்த்துப் படிக்கச் சொல்லுங்கள். மேடை உற்சாகத்தில் "20 வருடம்" சட்டென்று "காலம் முழுக்க" ஆகிவிடும். பொறுப்பேற்பவருக்கு அந்த ஒரு சொல்லே பெரும் சுமை. காகிதத்தைப் பார்த்துப் படிப்பது கேட்பவர்களுக்கும் இது அளந்து சொல்லப்படும் வாசகம் என்பதை உணர்த்தும்.

பொறுப்பேற்பவரின் பதிலையும் இப்போதே தயாரியுங்கள். இரண்டு நிமிடம் போதும். வாக்குறுதியைத் தன் வார்த்தைகளில் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும், தான் மாற்றப்போகும் ஒன்றையும் சொல்ல வேண்டும். தந்தையைப் புகழ்வதில் அந்த இரண்டு நிமிடமும் போய்விட்டால், பொறுப்பை யாரும் வாங்கிக்கொள்ளவே இல்லை என்றுதான் ஊழியர்களுக்குத் தோன்றும்.

## 9. உரைக்குப் பின் மூன்று மாதம்

வாக்குறுதி வாசகத்தை அன்றே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். சுவரில் மாட்டுவதைவிட, சேவைப் பிரிவின் கையேட்டிலும் புதிதாகச் சேர்பவரின் முதல் நாள் பயிற்சியிலும் அது இருப்பது மேல். முடிவெடுக்கும் இடத்தில் கைக்கெட்ட வேண்டும்.

முதல் சில வாரங்களில் யாராவது ஒருவர் நிறுவனரைத் தொலைபேசியில் அழைத்து, "அங்கே இப்படி நடக்கிறது, உங்களுக்குத் தெரியுமா?" என்பார். நல்ல எண்ணத்தோடுதான் அழைப்பார். அதற்கான பதிலை முன்பே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்: "இதை அவரிடமே சொல்லுங்கள். நீங்கள் அழைத்ததை நானும் அவரிடம் சொல்வேன்." ஒரே ஒருமுறை "நான் பேசிப் பார்க்கிறேன்" என்று சொன்னாலும், மேடையில் கொடுத்த அதிகாரம் திரும்ப வந்துவிட்டதாக எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

மூன்று மாதம் கழித்து, பொறுப்பேற்றவர் சேவைப் பிரிவின் புகார்ப் பதிவேட்டை எடுத்து, பழைய பம்புகளுக்கு உதிரி பாகம் கேட்டு வந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்க்கட்டும். எத்தனை கோரிக்கைகளை ஊழியரே முடித்தார், எத்தனை மேலே வந்தன, எவற்றுக்கு முடியாது என்று சொன்னோம் என்று குறித்துக்கொள்ளட்டும். ஒரே மாதிரியான கேள்வி திரும்பத் திரும்ப மேலே வந்தால் அந்த இடத்தில் வாசகத்தில் ஓட்டை இருக்கிறது. அதைத் திருத்தி எழுத வேண்டியவர் இப்போது அவர்தான். நிறுவனரிடம் கேட்க வேண்டியதில்லை.